சித்திரை 31இல் பிறந்தவருக்குச் சூரியன் மேஷத்திலா, ரிஷபத்திலா?

கேள்வி: ஐயா, நான் 1994 மே 14 காலை 6 மணிக்கு இராயபுரத்தில் பிறந்தேன். வீட்டில் மிதுன ராசி என்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகையின்படி ரிஷபம். பாட்டி எழுதி வாங்கிய ஜாதகத்தில் சூரியன் மேஷத்தில் இருக்கிறது. கைபேசிச் செயலி ஒன்று, நம் முறைப்படியே கணித்ததாகச் சொல்லிக்கொண்டு, சூரியன் ரிஷபத்தில் என்கிறது. எதை நம்புவது?

பதில்:

முதலில் மிதுனத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். தமிழ் வீடுகளில் "உன் ராசி என்ன?" என்று கேட்டால், பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியைத்தான் கேட்கிறார்கள். 1994 மே 10ஆம் தேதி இரவு அமாவாசை. மூன்றரை நாள் கழித்து நீங்கள் பிறக்கும்போது சந்திரன் சூரியனைவிட ஏறத்தாழ 40 பாகை முன்னே போய்விட்டது. அதனால் அது மிதுனத்தில் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகை சொல்வதோ சூரியன் நின்ற ராசி. சந்திரனுக்கு ஒரு ராசி, சூரியனுக்கு ஒரு ராசி என்று இருப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. மிதுன ராசிக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையில் மிதுனத்துக்கு எழுதிய பலனைப் படிப்பவர்கள் ஏராளம். அந்தப் பலன் அவர்களுக்காக எழுதப்பட்டது அல்ல. இந்தக் குழப்பத்துக்கு இவ்வளவு போதும்.

உண்மையான கேள்வி சூரியனைப் பற்றியது. வானத்தில் ஒரே இடத்தில் நின்ற ஒரே சூரியனை ஒருவர் ரிஷபம் என்கிறார், இன்னொருவர் மேஷம் என்கிறார். இருவரும் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். அளக்கத் தொடங்கிய இடம் மட்டும்தான் வேறு.

இராயபுரத்தில் பிறந்த உங்களுக்குக் கரை நகரும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே நம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. பாறாங்கற்களைக் கொட்டித்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், கல் கொட்டுவதற்கு முன், ஒரு வீடு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் அளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அலை வந்து தொடும் கோட்டிலிருந்து அடி எண்ணுகிறார். இன்னொருவர் தெருவில் நட்ட எல்லைக்கல்லிலிருந்து எண்ணுகிறார். தொடக்கத்தில் அலைக்கோடு அந்தக் கல்லின் காலடியிலேயே இருந்திருந்தால் இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்கும். கரை நகர நகர இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் விழும். வீடு என்னவோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

வானத்தில் அந்த அலைக்கோடு என்பது சம இரவுப் புள்ளி. மார்ச் 20 அல்லது 21ஆம் தேதி பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகி, சூரியன் நேர் கிழக்கே உதிக்கும் நாளில் அது நிற்கும் இடம். மேலை நாட்டு முறை அந்தப் புள்ளியையே மேஷத்தின் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து 30 பாகைக்கு ஒரு ராசியாக எண்ணுகிறது. அயனத்தோடு சேர்ந்து நகர்வதால் இதற்குச் சாயன முறை என்று பெயர். நம் ஜாதகக் கணிதம் எல்லைக்கல்லிலிருந்து எண்ணுகிறது. அந்தக் கல் நட்சத்திரங்களுக்கு நடுவே ஊன்றப்பட்டது. இது நிராயன முறை.

அலைக்கோடு ஏன் நகர்கிறது? பூமி நடுவில் சற்றுப் பருத்த பந்து. அந்தப் பருத்த பகுதியைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால், வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சும் மிக மெதுவாகச் சுற்றி ஆடுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள். அச்சு ஆடும்போது சம இரவுப் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே பின்னோக்கி நகர்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அந்தப் புள்ளி நகர்வது ஆண்டுக்குச் சுமார் 50.3 விகலை, அதாவது ஒரு பாகை நகரச் சற்றேறக்குறைய 72 ஆண்டுகள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வானத்தைப் பார்த்தால்கூட ஒரே ஒரு பாகைதான் தெரியும்.

இதைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கர் ஹிப்பார்க்கஸ். அவர் பயன்படுத்தியது நம் சித்திரை நட்சத்திரம் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. அவருக்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் டிமோகாரிஸ் என்பவர் அளந்தபோது, சித்திரை செப்டம்பர் மாதத்துச் சம இரவுப் புள்ளிக்கு 8 பாகை மேற்கே இருந்தது. ஹிப்பார்க்கஸ் அளந்தபோது 6 பாகைதான் இருந்தது. இன்று அதே சித்திரை அந்தப் புள்ளிக்கு மறுபக்கம், 24 பாகை கிழக்கே நிற்கிறது. அந்தப் பக்கம் 6, இந்தப் பக்கம் 24, ஆக 30 பாகை. ஒரு முழு ராசி. பாகைக்கு 72 ஆண்டு என்று பெருக்கிப் பாருங்கள், 2,160 வருகிறது. ஹிப்பார்க்கஸ் காலத்திலிருந்து நம் காலம் வரை கழிந்தவை ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள்தாம்.

அந்த 24 பாகைதான் அயனாம்சம். எல்லைக்கல்லுக்கும் இன்றைய அலைக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி.

இதைக் கணக்கே போடாமல் நம் கடற்கரையில் நின்று கண்ணால் பார்க்கலாம். நான் திருவொற்றியூர்க் கரையில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். மார்ச் 20ஆம் தேதி விடியலில் சூரியன் நேர் கிழக்கே கடலிலிருந்து எழும். அதுதான் உண்மையான விஷு நாள். பிறகு சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14ஆம் தேதி மாலையில் மறுபடியும் போய் நில்லுங்கள். சூரியன் 6.20 வாக்கில் முதுகுப் பக்கம் மறையும். வானம் இருளட்டும். ஏழே கால் மணிக்குக் கிழக்கே சற்றுத் தெற்குச் சாய்ந்து, நீட்டிய கையின் ஒன்றரை முட்டி உயரத்தில், நீலம் கலந்த வெண்மையில் ஒரு நட்சத்திரம் தனியாக நிற்கும். கடல் மேல் மூட்டம் இல்லாவிட்டால் தப்பாமல் தெரியும். அதுதான் சித்திரை. சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி அது உதித்திருக்கிறது என்றால், சூரியன் அதற்கு நேர் எதிரே, 180 பாகையில் இருக்கிறது என்று பொருள். சித்திரைக்கு நேர் எதிரில் சூரியன் வருவதுதான் மேஷப் பிரவேசம், சித்திரை மாதப் பிறப்பு. அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே நீங்கள் காத்திருந்த இருபத்து நான்கு, இருபத்தைந்து நாட்கள்தான் அயனாம்சம். சூரியன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை போகிறது என்பதால் நாளும் பாகையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஏப்ரல் 14ஐச் சித்திரை விஷு என்று நாம் இன்னும் சொல்வது, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த இரண்டும் ஒரே நாளாக இருந்ததன் நினைவு.

இனி உங்கள் கணக்கு. 1994 மே 14 காலை 6 மணிக்குச் சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணினால் சூரியன் 53 பாகையில் இருந்தது. முதல் 30 மேஷத்துக்குப் போக, ரிஷபத்தில் 23 பாகை. ஆங்கிலப் பத்திரிகை சொன்னது இதைத்தான். இதிலிருந்து அயனாம்சத்தைக் கழித்தால் நிராயன நிலை கிடைக்கும்.

எவ்வளவு கழிப்பது? 1952இல் மத்திய அரசு மேகநாத் சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அதன் செயலாளர் என்.சி. லாஹிரி. சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையில் நிறுத்தும் முறையை அந்தக் குழு ஏற்று, 1956 மார்ச் 21ஆம் தேதிக்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று வைத்தது. லாஹிரி அயனாம்சம் என்பது இதுதான். (அதே குழுவின் பரிந்துரையில் வந்த தேசிய நாட்காட்டி மார்ச் 22இல் தொடங்குகிறது, அதாவது அலைக்கோட்டிலிருந்து. இரண்டு அளவுகோலும் ஒரே குழுவின் கையிலிருந்து வந்தன என்பதை யாரும் கவனிப்பதில்லை.) 1956 முதல் 1994 வரை 38 ஆண்டுகள். ஆண்டுக்கு 50.3 விகலை வீதம் 1,911 விகலை, அதாவது 32 கலை. கூட்டினால் 23 பாகை 47 கலை.

53 பாகையிலிருந்து 23 பாகை 47 கலையைக் கழியுங்கள். 29 பாகை 13 கலை. 30ஐத் தொடவில்லை, ஆகவே மேஷம். மேஷத்தின் கடைசிப் பாகை. பாட்டி எழுதி வாங்கிய ஜாதகம் சரிதான். ரிஷபத்தைத் தொட இன்னும் 47 கலை இருந்தது. மே மாதத்தில் சூரியன் நாளுக்கு 58 கலை நகரும். எனவே சுமார் 19 மணி நேரம் கழித்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில்தான் அது ரிஷபத்தில் நுழைந்தது. மறுநாள் மே 15, வைகாசி முதல் தேதி. உங்கள் ஜாதகத்தின் தலைப்பைப் பாருங்கள். பவ ஆண்டு சித்திரை 31 என்று இருக்கும். ஒரு தமிழருக்கு நிராயனச் சூரிய ராசியைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. தமிழ் மாதமே அதுதான். சித்திரை மேஷம், வைகாசி ரிஷபம், ஆனி மிதுனம் என்று பங்குனி மீனம் வரை. சூரியன் ராசி மாறுவதைத்தான் நாம் மாதப் பிறப்பு என்கிறோம்.

அப்படியானால் செயலி ஏன் நம் முறைப்படியும் ரிஷபம் என்றது? அது வேறு எல்லைக்கல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே எனக்கு முதலில் தோன்றும் விடை. மேஷத்தின் தொடக்கப் புள்ளியில் அடையாளம் காட்ட ஒரு பிரகாசமான நட்சத்திரம்கூட இல்லை. அங்கே வெறும் இருள். அதனால் அந்தக் கல்லை எங்கே ஊன்றுவது என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அலைக்கோடும் கல்லும் சேர்ந்திருந்த ஆண்டு லாஹிரி கணக்கில் கி.பி. 285. பெங்களூர் சோதிடர் பி.வி. ராமன் அதைக் கி.பி. 397 என்று கொண்டார். பிந்தைய ஆண்டு என்றால் இதுவரை நகர்ந்த தூரம் குறைவு. 1994இல் ராமன் அயனாம்சம் ஏறத்தாழ 22 பாகை 20 கலைதான். 53இலிருந்து அதைக் கழித்தால் 30 பாகை 40 கலை வருகிறது. ரிஷபம் பிறந்து 40 கலை. ராமன் கணக்கில் சூரியன் முந்தைய நாள் பிற்பகலிலேயே ரிஷபத்துக்கு வந்துவிட்டது.

ஆக, செயலியும் ஆங்கிலப் பத்திரிகையும் ரிஷபம் என்று சொன்னாலும் அவை ஒத்துப்போகவில்லை. ஒன்று 23ஆம் பாகை என்கிறது, மற்றொன்று முக்கால் பாகைகூட ஆகவில்லை என்கிறது. ராசியின் பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பாகையைப் பார்த்தால் உடனே தெரியும். யார் ஜாதகத்தைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் சூரிய ஸ்புடத்தை, அதாவது சூரியன் நின்ற பாகையையும் கலையையும்தான் பார்ப்பேன். பாகையும் கலையும் இல்லாத வெறும் கட்டத்தை வைத்து யாரிடமும் வாதாடாதீர்கள்.

இது எத்தனை பேரைப் பாதிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சாயனத்துக்கும் நிராயனத்துக்கும் இடையே 24 பாகை வித்தியாசம். ஒரு ராசி 30 பாகை. எனவே ஐந்தில் நான்கு பேருக்குச் சூரிய ராசி இரண்டாக வரும், நிராயனத்தில் ஒரு ராசி பின்னால். தமிழ் மாதத்தின் முதல் ஐந்தாறு நாட்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். ஏப்ரல் 16இல் பிறந்தவர் எங்கே கேட்டாலும் மேஷம்தான். லாஹிரிக்கும் ராமனுக்கும் இடையே உள்ளது ஒன்றரை பாகைக்குச் சற்றுக் குறைவு. அதனால் மாதப் பிறப்புக்கு முந்தைய ஒன்றரை நாளில் பிறந்தவர்கள்தாம் மாட்டிக்கொள்வார்கள், ஏறத்தாழ இருபதில் ஒருவர். நீங்கள் அந்த ஒருவர். கிருஷ்ணமூர்த்தி பத்ததி எனும் கே.பி. முறையின் அயனாம்சம் லாஹிரியைவிட 6 கலைதான் குறைவு. அது மாதப் பிறப்பை ஒட்டிய இரண்டரை மணி நேரத்தில் பிறந்தவர்களை மட்டுமே தொடும். உங்களைத் தொடாது.

சூரியன் விஷயத்தில் இந்த ஒன்றரை பாகை பலருக்கும் தெரியாமலே போய்விடும். நட்சத்திரத்தில்தான் அது வீட்டுக்குள் வந்து நிற்கும். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலைதான். எனவே லாஹிரியிலிருந்து ராமனுக்கு மாறினால் ஒன்பது பேரில் ஒருவருக்கு ஜென்ம நட்சத்திரமே மாறிவிடும். என் அக்கா மகளுக்கு இப்படி நேர்ந்தது. நான் கையால் கணித்ததில் மிருகசீரிடம் 4ஆம் பாதம். மாப்பிள்ளை வீட்டார் தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் எடுத்த கணினி ஜாதகத்தில் திருவாதிரை 1ஆம் பாதம். பொருத்தம் பார்த்த பட்டியலே வேறாகிவிட்டது. பிறந்த நேரத்தை யாரோ மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கிரகத்தின் பாகையையும் கழித்துப் பார்த்தேன். சூரியன், சந்திரன், செவ்வாய், சனி, எல்லாவற்றிலும் அதே 1 பாகை 27 கலை வித்தியாசம். பிறந்த நேரம் தவறாக இருந்தால் இப்படி வரவே வராது. நேரம் பிசகினால் லக்னம் வெகுதூரம் ஓடும், சந்திரன் கொஞ்சம் நகரும், சனி அசையவே அசையாது. எல்லாக் கிரகமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது அயனாம்ச வித்தியாசம்தான். அந்தக் கடைக்காரர் தாளில் அயனாம்சத்தின் பெயரை அச்சிட்டிருந்தால் அந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். அதை அச்சிடாமல் ஜாதகம் கொடுப்பது பெரிய குறை என்று இன்றும் நினைக்கிறேன்.

நிராயனம்தான் வானத்தில் உண்மையில் தெரியும் நட்சத்திரக் கூட்டம், சாயனம் வெறும் கற்பனை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. இரண்டுமே 30 பாகை வீதம் சமமாக வெட்டிய பங்குகள். வானத்தில் கன்னிக் கூட்டத்தைக் கடக்கச் சூரியனுக்கு ஒன்றரை மாதம் ஆகிறது, விருச்சிகக் கூட்டத்தைக் கடக்க ஒரு வாரம்தான். இந்த ஏற்றத்தாழ்வை இரண்டு முறையுமே எடுத்துக்கொள்வதில்லை.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் என் கருத்து தெளிவானது. ஜாதகம், திசை, பொருத்தம் எல்லாம் நட்சத்திரத்தின் மேல் கட்டப்பட்டவை. நட்சத்திரத்தை அளக்க நட்சத்திரங்களுக்கிடையே ஊன்றிய கல்தான் வேண்டும். அங்கே சாயன நிலையைக் கொண்டுவந்து கலந்தால் அசுவினியில் பிறந்தவர் பரணிக்கோ கார்த்திகைக்கோ போய்விடுவார், திசைக்கணக்கு முழுவதும் குலையும். மேலை நாட்டு முறைப் பலனைப் படிக்க விரும்பினால் அவர்களுடைய ரிஷபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதுவது அந்த அளவுகோலை வைத்துத்தான். ஒரு முறையில் ராசியைப் பார்த்து இன்னொரு முறையில் பலனைப் படிப்பதுதான் தவறு. நிராயனத்துக்குள் லாஹிரியா ராமனா என்றால், பாட்டி எழுதி வாங்கிய ஜாதகம் எதில் இருக்கிறதோ அதிலேயே தொடருங்கள். உங்கள் சித்திரை 31 லாஹிரியோடு ஒத்துப்போகிறது.

செயலியில் அமைப்புகளைத் திறந்தால் அயனாம்சம் என்ற ஓர் இடம் இருக்கும். லாஹிரி என்று மாற்றி, சூரியன் 29 பாகை 13 கலையை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். 29க்குப் பதில் 5 பாகை வாக்கில் காட்டினால் அயனாம்சத்தை இரண்டு முறை கழித்திருக்கிறது என்று பொருள். 23 பாகை ரிஷபம் என்று காட்டினால் கழிக்கவே இல்லை. சரியாக வந்த பிறகு பாட்டியின் ஜாதகத்தில் ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "சூரியன் மேஷம் 29 பாகை 13 கலை, லாஹிரி அயனாம்சம் 23 பாகை 47 கலை, காலை 6 மணி, இந்திய நேரம்." நாளை அதை யார் கையில் எடுத்தாலும் முதல் பார்வையிலேயே எந்தக் கல்லிலிருந்து எண்ணியது என்று தெரிந்துகொள்வார்.